காய்ச்சல், அமிலத்தன்மை, மலையுயரம்: ஆக்சிஜன் வளைகோடு எந்தப் பக்கம் நகரும்?

முதலாண்டு உடலியங்கியல் தேர்வில் இந்தக் கேள்வி வராத வருடம் குறைவு. "காய்ச்சலா? வலப்பக்கம். அமிலமா? வலப்பக்கம். மலையா? அதுவும் வலப்பக்கம்" என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் எளிய கேள்வியில் தப்பித்துவிடுவார்கள். ஒரே நோயாளிக்குக் காய்ச்சலும் வேகமான மூச்சும் சேர்ந்து வந்தாலோ, மலைக்கு வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேள்வியில் குறிப்பு இருந்தாலோ அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். என்னிடம் பாடம் கேட்டவர்களில் பெரும்பாலோர் தவறியது அந்த நேரக் குறிப்பைக் கவனிக்காததால்தான். அதனால் இந்த விளக்கம் முழுவதிலும் நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே போவோம்.

படி 1: முதலில் கோட்டைக் கையால் வரையுங்கள்

படுக்கை அச்சில் ஆக்சிஜனின் அழுத்தம், 0 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை. நெடுக்கை அச்சில் ஹீமோகுளோபினின் சாச்சுரேஷன், 0 முதல் 100 விழுக்காடு வரை. இனி நான்கு புள்ளிகள் போதும்: அழுத்தம் 27 என்றால் 50%, 40 என்றால் 75%, 60 என்றால் 90%, 100 என்றால் 97%. இவற்றை இணைத்தால் சாய்ந்த எஸ் வடிவம் வரும். முதல் புள்ளியின் அழுத்தத்துக்குத்தான் பி50 என்று பெயர். கோடு நகர்ந்ததா என்று கேட்டால் நாம் பார்க்கவேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான். பி50 கூடினால் கோடு வலப்பக்கம் போயிருக்கிறது, குறைந்தால் இடப்பக்கம்.

நான் சொல்லிக்கொடுக்கும் நினைவுக் குறிப்பு இது: வலம் வழங்கும், இடம் இறுக்கும். வலப்பக்கம் போன கோட்டில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுவுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது. இடப்பக்கம் போன கோட்டில் இறுகப் பிடித்துக்கொள்கிறது.

படி 2: நகர்வது புள்ளியா, கோடா?

தவறுகளில் பாதி இங்கேயே நடந்துவிடும். நிமோனியாவில் ஒருவரின் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 100இலிருந்து 55க்கு இறங்கி, சாச்சுரேஷன் 97இலிருந்து 88க்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு நகர்ந்ததா? இந்தத் தகவலை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அதே கோட்டின்மேல் புள்ளி கீழே சறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கோடு நகர வேண்டுமென்றால், அதே அழுத்தத்தில் சாச்சுரேஷன் மாறியிருக்க வேண்டும்.

கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதுங்கள்: "அழுத்தம்", "பிடிமானம்". ஆக்சிஜன் அழுத்தத்தை மாற்றும் தகவல்களை முதலாவதன் கீழும், வெப்பநிலை, பிஎச், கார்பன் டை ஆக்சைடு, சிவப்பணுவுக்குள் உருவாகும் 2,3-டிபிஜி ஆகிய நான்கையும் இரண்டாவதன் கீழும் போடுங்கள். கோட்டின் நகர்வைத் தீர்மானிப்பது இரண்டாம் பட்டியல் மட்டும்தான்.

படி 3: காய்ச்சல்

ஆக்சிஜன் ஹீமோகுளோபினோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் சூடு ஏறினால் சேர்க்கை தளர்கிறது. தோராயமாக, உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடும்போது பி50 சுமார் 5.7 விழுக்காடு கூடும். 40 டிகிரி காய்ச்சலில், அதாவது 3 டிகிரி கூடுதலில், 27 என்பது 32 ஆகிவிடும்.

இதனால் என்ன கிடைக்கிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். கணினியில் விரிதாள் இருந்தால் A1இல் அழுத்தத்தையும் B1இல் பி50ஐயும் இட்டு, இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=100*A1^2.7/(A1^2.7+B1^2.7)
```

பி50 27ஆக இருக்கும்போது நுரையீரலில், அழுத்தம் 100இல், 97%. திசுவில், அழுத்தம் 40இல், 74%. ஆக, வழியில் இறக்கிவிட்டது 23. பி50 32 ஆனால் நுரையீரலில் 96%க்குச் சற்றுக் கீழே, திசுவில் 65%. இறக்கிவிட்டது 31. நுரையீரலில் ஒன்றரை விழுக்காடு நட்டம், திசுவில் ஒன்பதுக்கும் மேல் லாபம். கோட்டின் மேற்பகுதி தட்டையாகவும் நடுப்பகுதி செங்குத்தாகவும் இருப்பதால்தான் இப்படி. இதிலிருந்து இன்னொன்றும் தெரியும்: காய்ச்சல்காரரின் சாச்சுரேஷன் 85 என்று காட்டினால், கோட்டு நகர்வின்மேல் பழியைப் போடாதீர்கள். நுரையீரலில் அழுத்தம் 100 அளவில் இருந்தால் அது ஒன்றிரண்டு விழுக்காட்டைத்தான் எடுக்கும். மீதிக்குக் காரணம் நுரையீரலில் இருக்கும்.

இப்போது தேர்வில் கலங்கடிக்கும் வகைக் கேள்வி. *39.5 டிகிரி காய்ச்சல். மூச்சு வேகமாக வாங்குகிறது. பிஎச் 7.52, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 25, பைகார்பனேட் 20. கோடு எங்கே இருக்கும்?*

"காய்ச்சல், எனவே வலம்" என்று எழுதினால் பாதிக் கேள்வியைத்தான் படித்திருக்கிறீர்கள். 2.5 டிகிரி கூடுதலுக்கு பி50 ஏறத்தாழ 15 விழுக்காடு ஏறும்: 27 என்பது 31. ஆனால் மூச்சு வேகத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் 0.12 கூடியிருக்கிறது. பிஎச்சில் 0.1 மாற்றம் பி50ஐச் சுமார் 12 விழுக்காடு மாற்றும். இங்கே மாற்றம் 0.12, ஆகவே 14 விழுக்காடு அளவுக்கு இடப்பக்க இழுப்பு. 31ஐ 1.14ஆல் வகுத்தால் மறுபடி 27. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. விடைத்தாளில் இரண்டு இழுப்புகளையும் தனித்தனியாக எழுதிவிட்டு, பிறகு முடிவைச் சொல்லுங்கள். வேறு தகவல் தராமல் "காய்ச்சல்" என்று மட்டும் கேட்டிருந்தால், வலம் என்றே எழுதலாம்.

படி 4: அமிலத்தன்மை

ஹைட்ரஜன் அயனிகள் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாத அதன் வடிவத்தை நிலைநிறுத்துகின்றன. ஆக்சிஜன் உதிர்வது எளிதாகிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஆக்சிஜன் எளிதில் உதிர்கிறது என்று கிறிஸ்டியன் போர் 1904இல் தன் சகாக்களுடன் காட்டினார். போர் விளைவு என்ற பெயர் அவரால் வந்தது. பிஎச் 7.20 என்றால் பி50 சுமார் 34 வரை போகும், கோடு வலம். ஓடும்போது தொடைத் தசைக்கு இது உதவுகிறது: எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அங்கே அமிலமும் சூடும் கூடி, ஆக்சிஜனும் அங்கேயே கூடுதலாக இறங்குகிறது.

இனி கடிகாரத்தைப் பாருங்கள். பிஎச்சின் விளைவு உடனுக்குடன் நடப்பது. 2,3-டிபிஜி அப்படியல்ல. அது சிவப்பணுவுக்குள் குளுகோஸ் உடையும் வழியில் உருவாகும் பொருள்; கூடவோ குறையவோ மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். அமிலத்தன்மை அந்த வழியை மந்தப்படுத்துவதால், அமிலநிலை நீடிக்க நீடிக்க 2,3-டிபிஜி குறைந்துகொண்டே வரும். டிபிஜி குறைந்தால் கோடு இடப்பக்கம் இழுபடும்.

சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் அமிலநிலை வந்து இரண்டு நாளாகிறது, பிஎச் 7.10 என்று வையுங்கள். அமிலத்தை மட்டும் பார்த்தால் பி50 37ஐத் தாண்ட வேண்டும். ஆனால் இதற்குள் டிபிஜி வற்றிப்போயிருப்பதால் கோடு அவ்வளவு தூரம் போயிருக்காது; இயல்புநிலைக்குப் பக்கத்திலேயே கூட நிற்கலாம். இந்த நிலையில் யாராவது பைகார்பனேட்டை வேகமாக ஏற்றி பிஎச்சைச் சரிசெய்தால் என்ன ஆகும்? வலப்பக்க இழுப்பு சட்டென்று விட்டுப்போகும். டிபிஜி மட்டும் இன்னும் பழைய பற்றாக்குறையிலேயே இருக்கும். கோடு இடப்பக்கம் போய்விடும், திசுவுக்கு ஆக்சிஜன் இறங்குவது குறையும். "பைகார்பனேட் கொடுத்தபின் கோடு எங்கே" என்று கேட்பவர் எதிர்பார்ப்பது இந்த விடையைத்தான்.

படி 5: மலையுயரம்

இங்கே இரண்டு பட்டியலும் ஒன்றாக மாறுகின்றன, அதுவும் வெவ்வேறு நேரத்தில். தில்லியிலிருந்து விமானத்தில் லே நகருக்கு வந்த ஒருவரைப் பாருங்கள். உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர்.

*வந்து 4 மணி நேரம்.* காற்றழுத்தம் குறைவு, தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் 50 அளவில். இது "அழுத்தம்" பட்டியல். புள்ளி கோட்டில் கீழே சறுக்கியிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததால் மூச்சு வேகமாகிறது, கார்பன் டை ஆக்சைடு 32க்கு இறங்குகிறது, பிஎச் 7.47. இது "பிடிமானம்" பட்டியல், திசை இடம். பி50 சுமார் 25. அதாவது மலையில் முதல் சில மணி நேரம் கோடு இடப்பக்கம்தான் இருக்கிறது. "மலை என்றால் வலம்" என்று எழுதியவர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்.

*சில நாள் கழித்து.* கீட்டோன் அமிலநிலையில் பார்த்ததற்கு நேரெதிர். காரத்தன்மை குளுகோஸ் உடையும் வழியைத் தூண்டி, 2,3-டிபிஜியைக் கூட்டுகிறது. ஆக்சிஜன் விட்டுப்போன ஹீமோகுளோபின் டிபிஜியைத் தன் இரு பீட்டா சங்கிலிகளுக்கு இடையே பிடித்துவைத்துக்கொள்வதும் உற்பத்திக்கு இடம் கொடுக்கிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி, பிஎச்சையும் ஓரளவு கீழே கொண்டுவருகிறது. கோடு இடப்பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது. கேள்வியில் "சூழலுக்குப் பழகியவர்", "2,3-டிபிஜி கூடியுள்ளது" என்று வந்தால் எதிர்பார்க்கப்படும் விடை வலம். உண்மையில் மிச்சமிருக்கும் காரத்தன்மை எதிர்ப்பக்கம் இழுப்பதால், ரத்தத்தில் அளந்தால் பி50 கடல்மட்டத்து அளவை ஒட்டியே இருக்கக்கூடும். விரிவான விடையில் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

மலையில் வலப்பக்க நகர்வால் உண்மையிலேயே எவ்வளவு லாபம்? அதே சூத்திரத்தில், நுரையீரலில் 45, திசுவில் 25 என்று இடுங்கள். பி50 27 என்றால் 80இலிருந்து 45க்கு, இறங்கியது 35. பி50 32 என்றால் 72இலிருந்து 34க்கு, இறங்கியது 38. கடல்மட்டத்தில் 8 கிடைத்த இடத்தில் இங்கே 3கூட முழுதாக இல்லை. காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது: இப்போது நுரையீரலும் கோட்டின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிட்டது. திசுவில் கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை, நுரையீரலில் ஏற்றிக்கொள்ளும்போதே இழந்துவிடுகிறோம்.

இன்னும் மேலே போனால் கணக்கு முழுவதுமாகத் திரும்பிவிடும். 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியில் 1981இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழு மூச்சுக்காற்றைச் சேகரித்து அளந்தபோது, நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 7.5 மி.மீ. மட்டுமே இருந்தது. அதிலிருந்து கணக்கிட்ட பிஎச் 7.7க்கும் மேல். அந்தக் காரத்தன்மைக்கு முன் டிபிஜி எடுபடாது. கோடு தெளிவாக இடப்பக்கம் நிற்கிறது. அங்கே அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் அந்த மெல்லிய காற்றில் ஆக்சிஜனைத் திசுவில் இறக்குவதைவிட நுரையீரலில் ஏற்றிக்கொள்வதே பெரும்பாடு. கேள்வியில் உயரம் 8,000 மீட்டரைத் தாண்டியிருந்தால், "பழகியவர்" என்று எழுதியிருந்தாலும் விடை இடம்.