எண்ணூரிலிருந்து ஏறினால்தான் தண்டி வரும்: கடைசி வார ரிவிஷனில் ஆண்டு வரிசையைக் கோட்டைவிடும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். சமூக அறிவியல் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லாருடைய புலம்பலும் காலக்கோட்டில்தான் வந்து நிற்கும். ஒரு கோடு வரைந்து, ஐந்து நிகழ்வுகளை ஆண்டோடு சரியாகக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் ஒரு மாணவி நோட்டின் பின்னட்டையில் "ஜா ஒ சௌ சு சை த" என்று எழுதி வைத்துக்கொண்டு மந்திரம் மாதிரி முணுமுணுத்தாள். ஜாலியன் வாலாபாக், ஒத்துழையாமை, சௌரி சௌரா, சுயராஜ்யக் கட்சி, சைமன் குழு, தண்டி. வரிசை சரிதான்.

மறுநாள் வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 1922-ல் சுயராஜ்யக் கட்சி, 1923-ல் சௌரி சௌரா என்று எழுதினாள். 'த'வைப் பார்த்துவிட்டு, "இது தண்டியா, தனிநபர் சத்தியாகிரகமாண்ணா?" என்று என்னையே கேட்டாள்.

முதலெழுத்துச் சூத்திரத்தில் எல்லாரும் விழுகிற குழி இது. நம் விடுதலைப் போராட்டப் பாடத்தில் பாதிப் பெயர்கள் 'ச'வில்தான் தொடங்குகின்றன. சம்பாரண், சௌரி சௌரா, சுயராஜ்யக் கட்சி, சைமன், சட்ட மறுப்பு, சூரத் பிளவு. சௌ, சு, சை மூன்றையும் அவசரத்தில் வாய் ஒரே மாதிரி உருட்டிவிடும். முதலெழுத்து ஒன்றுக்கொன்று ஒட்டாத பட்டியலுக்கு மட்டுமே அந்தச் சூத்திரம் உதவும். சூத்திரம் போடுவதற்கு முன்னால் எழுத்துகளைக் கீழே எழுதிப் பாருங்கள். இரண்டு எழுத்து ஒரே சாயலில் இருந்தால் அந்தப் பட்டியலுக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

அதோடு, சௌரி சௌராவுக்கும் சுயராஜ்யக் கட்சிக்கும் சூத்திரமே தேவையில்லை. சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்தது, காந்தி ஒத்துழையாமையை நிறுத்தினார், இனி சட்டமன்றத்துக்குள் போய்ப் போராடலாம் என்று சி.ஆர்.தாஸும் மோதிலால் நேருவும் தனிக் கட்சி தொடங்கினார்கள். எது முந்தியது என்று அந்தக் கதையே சொல்லிவிடும். காரணம் இருக்கிற இடத்தில் எழுத்து மந்திரம் போட்டால் காரணம் மறந்துபோய் எழுத்து மட்டும் மிஞ்சும்.

சரி, வேறு வழி என்ன? தெரிந்த பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிகழ்வை உட்கார வைப்பது பழைய முறை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கென்று ஒரு ரயில் பாதையே இருக்கிறது: கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் ராயபுரத்திலிருந்து தொடங்கினாள். கணக்குப்படி தண்டி ஆறாவதாகத் திருவொற்றியூரில் வர வேண்டும். ஆனால் தண்டி என்றதும் அவள் மனம் தண்டையார்பேட்டையில்தான் போய் இறங்குகிறது. பெயர் இழுக்கிறது, என்ன செய்ய. சௌரி சௌராவின் நெருப்போ, தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெயரைத் தாங்கிய விம்கோ நகருக்கு ஓடுகிறது. நாம் எண்ணிக்கைப்படி வைத்தாலும் மனம் ஒலியையும் பொருளையும் பிடித்துக்கொண்டு போய்விடும். இந்த இழுப்போடு மல்லுக்கட்டுவதுதான் இரண்டாவது தவறு. வண்டியைத் திருப்பிவிட்டால் போதும்.

எண்ணூரில் ஏறி ஊருக்குள் வந்து பாருங்கள். எண்ணூர் முகத்துவாரம் மண் மூடிக் குறுகலாக இருக்கிறது, வெளியே போக ஒரே வாசல்: ஜாலியன் வாலாபாக், 1919. கத்திவாக்கத்தில் ஒரு கத்தி வெங்காயம் நறுக்க மாட்டேன் என்கிறது: ஒத்துழையாமை, 1920. விம்கோ நகரில் தீக்குச்சி உரசியதும் காவல் நிலையம் பற்றிக்கொள்கிறது: சௌரி சௌரா, 1922. திருவொற்றியூர் கோயில் வாசலில் உள்ளே போகலாமா வேண்டாமா என்று சண்டை: சட்டமன்றத்துக்குள் போகலாம் என்ற சுயராஜ்யக் கட்சி, 1923. வ.உ.சி. நகரில் சைமனைச் சுதேசிக் கப்பலில் ஏற்றித் திரும்பிப் போ என்கிறார்கள், 1928. தண்டையார்பேட்டையில் உப்பு அள்ளுகிறார் காந்தி, 1930. பெயர் இழுத்த இரண்டு நிகழ்வுகளும் இப்போது தாமாகவே தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

ஆண்டுகளை ஆறாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வேண்டாம். 1919-ல் பத்தொன்பது இரண்டு முறை வருகிறது. சௌரி சௌராவில் 'சௌ' இரண்டு முறை, 22-லும் இரண்டு இரண்டு. இந்த இரண்டுக்கும் அடுத்தடுத்த ஆண்டுதான் 1920-ம் 1923-ம். 1930 பூஜ்யத்தில் முடிகிற பத்தாண்டுத் தொடக்கம். மிச்சம் 1928 மட்டும்தான், அதை மட்டும் உட்கார்ந்து படித்தாள். சிலர் இடைவெளிக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்: ஒன்று, இரண்டு, ஒன்று, ஐந்து, இரண்டு என்று. நான் அதை அனுமதிக்க மாட்டேன். நடுவில் ஒன்று நழுவினால் பின்னால் வருகிற எல்லாமே தப்பாகும்.

1928 என்றதும் இன்னொன்று. சைமன் குழு அமைக்கப்பட்டது 1927, இந்தியாவுக்கு வந்தது 1928. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டேஷன் படம்தான் நினைவுக்குக் கொக்கி; அதில் பெயரை மாட்டாமல் செயலை மாட்டுங்கள்: "சைமன் வருகை 1928" என்று. கோட்டிலும் அப்படியே எழுதுங்கள்.

ஒப்பிக்கும்போது முதலிலிருந்தே ஆரம்பிப்பதும் ஏமாற்று வேலைதான். இரண்டாம் நாள் அவளிடம் "1923?" என்றேன். விரல் விட்டு எண்ணூரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். தேர்வறையில் அதற்கு நேரம் போகும், நடுவில் ஒரு ஸ்டேஷன் விட்டும் போகும். ஆறு சிறு சீட்டுகளில் ஆண்டை மட்டும் எழுதிக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். சீட்டு வந்ததும் நேராக அந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும். திங்கள் மாலை ஒரு தடவை, செவ்வாய் காலை, அப்புறம் ஒரு நாள் விட்டு வியாழன். புத்தகத்தைத் திரும்பப் புரட்டாமல், வெறும் தாளில். தடுமாறிய சீட்டை மட்டும் மீண்டும் பார்த்தால் போதும்.

இது நன்றாக வேலை செய்கிறதே என்று புதன்கிழமை அதே பாதையில் இரண்டாம் உலகப் போரையும் ஏற்றப் பார்த்தாள். ஒரே வாரத்தில் ஒரே ஸ்டேஷனில் இரண்டு நிகழ்வு இறங்கினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். அதற்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கிற வழியைக் கொடுத்தேன்: டீக்கடை, மாவு மில், பிள்ளையார் கோயில், பள்ளி கேட்.

வியாழக்கிழமைத் தாளில் ஆறு ஆண்டுகளும் சரி, வரிசையும் சரி. ஆனால் 1928-க்கு நேரே "வ.உ.சி. சைமனைத் திருப்பி அனுப்பினார்" என்று எழுதியிருந்தாள். கொக்கியே விடையாகிவிட்டது. நான் சிரித்தேன், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து எழுதும் பயிற்சியில் ஸ்டேஷன் பெயரைத் தாளில் எழுதவே விடுவதில்லை. படம் மனதில் ஓடட்டும், பேனா நிகழ்வையும் ஆண்டையும் மட்டும் எழுதட்டும். சனிக்கிழமை ஒரு தடவை தாளை வாங்கிப் பார்த்தேன். சைமன் தனியாகத்தான் வந்திருந்தார்.