‘படு’ எங்கே படும், எங்கே படாது

பக்கத்து வீட்டுத் தம்பி, எங்கள் புளோக்கின் லிஃப்ட் வாசலில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதி, “அக்கா, கொஞ்சம் பாருங்க” என்று அனுப்பினான். ஆங்கில வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“குடியிருப்பாளர்களுக்கு அறிவிக்கப்படுவது: எங்களால் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட இருப்பதால், செவ்வாய் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை தண்ணீர் நிறுத்தப்படும். தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். ஏற்படும் சிரமத்துக்கு வருந்தப்படுகிறது.”

இதை வைத்தே பழகுவோம்.

படி 1: ‘படு’ வரும் இடங்களை வட்டமிடுங்கள்

ஆறு கிடைக்கும். ஆனால் அவற்றில் ஐந்துதான் செயப்பாட்டு வினை. ‘ஏற்படும்’ என்பது தனிச்சொல், அதை விட்டுவிடுங்கள். ‘கஷ்டப்படு’, ‘பயப்படு’, ‘அடிபடு’ மாதிரி பெயர்ச்சொல்லோடு ஒட்டி வருவதும் வேறு கதை. அவை நம் பேச்சிலேயே ஓடுகின்றன. நாம் தேடுவது செய்ய, நிறுத்த, கட்ட என்று ‘அ’வில் முடியும் வினையோடு வரும் ‘படு’வைத்தான். அங்கே நடுவில் ‘ப்’ கட்டாயம். ‘செய்யபட்டது’ என்று எழுதினால் தவறு.

படி 2: செய்தவர் யார் என்று கேளுங்கள்

முக்கியமான படி இதுதான். ‘படு’ வாக்கியமே ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. “வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்” என்று 50-ஆவது குறள் முடிகிறது. ஆனால் அங்கே வைப்பவர் யார் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடம் ‘படு’வுக்குப் பொருத்தமான இடம்.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். “இக்கோயில் 1827-இல் நிறுவப்பட்டது” என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆண்டுதான் அங்கே செய்தி. “இக்கோயில் நாராயண பிள்ளையால் நிறுவப்பட்டது” என்று எழுதினால் இலக்கணம் தப்பவில்லை, ஆனால் காதில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. பெயர் தெரிந்துவிட்டது, பிறகு அவரை ஏன் ‘ஆல்’ போட்டு ஓரமாக நிறுத்த வேண்டும்? “இக்கோயிலை நாராயண பிள்ளை நிறுவினார்” என்றால் போதும். கோயில்தான் முன்னால் நிற்க வேண்டுமென்றால், “இது நாராயண பிள்ளை நிறுவிய கோயில்.” ‘நிறுவப்பட்ட’ கூட வேண்டாம். வறுத்த கடலையை ‘வறுக்கப்பட்ட கடலை’ என்று யாரும் கேட்டு வாங்குவதில்லையே.

‘எங்களால்’ என்பதில் இன்னொரு சிக்கல். அதைக் கேட்டதும் தமிழ்க் காது ‘முடியும்’, ‘முடியாது’ என்பதையோ, ‘உன்னாலதான் எல்லாம்’ என்ற பழியையோ எதிர்பார்க்கும்.

தம்பியின் அறிவிப்பில் செய்பவர்கள் ‘நாங்கள்’. ஆகவே ‘சுத்தம் செய்கிறோம்’, ‘கேட்டுக்கொள்கிறோம்’. ‘அறிவிக்கப்படுவது’ என்ற தொடக்கமே தேவையில்லை. சுவரில் ஒட்டினாலே அறிவிப்புதான்.

படி 3: ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள்

எதை நிறுத்தினார்கள்? தண்ணீரை. பதில் வருகிறது, ஆகவே ‘நிறுத்தப்படும்’ நிற்கும். எதை வருந்தினார்கள்? கேள்வியே நிற்கவில்லை. ‘வருந்தப்படுகிறது’ என்பது ‘தூங்கப்படுகிறது’ என்பது போலத்தான்.

படி 4: வாயால் சொல்லிப் பாருங்கள்

சைக்கிள் காணாமல் போனால் ‘திருடப்பட்டது’ என்றா வீட்டில் சொல்கிறோம்? ‘திருடிட்டாங்க’ அல்லது ‘திருடு போச்சு’. கதவு ‘பூட்டப்பட்டுள்ளது’ அல்ல, ‘பூட்டியிருக்கு’. செய்தவர் தெரியாதபோதும் தமிழுக்கு இப்படி வேறு வழிகள் உண்டு. எழுத்தில் இவற்றை அப்படியே போட வேண்டியதில்லை. செய்தியிலும் சட்டத்திலும் ‘திருடப்பட்டது’ இருக்கட்டும். ஆனால் பாட்டிமாரும் படிக்கும் லிஃப்ட் வாசலில் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. ‘தண்ணீர் நிறுத்தப்படும்’ தவறில்லைதான். இருந்தாலும் வாய் ‘தண்ணி வராது’ என்றுதானே சொல்கிறது?

கடைசியில் ஒட்டியது இது:

“செவ்வாய் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை தண்ணீர் வராது. தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். முன்கூட்டியே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

தம்பிக்கு ஒரே ஒரு குறை. “ஆபீஸ் மாதிரி இல்லையே, அக்கா?” என்றான். அப்படியானால் முதல் வரியில் மட்டும் ‘நிறுத்தப்படும்’ என்பதை வைத்துக்கொள் என்றேன். யோசித்துவிட்டு, ‘வராது’ என்றே ஒட்டினான்.