ஐந்தாம் ஆண்டு நன்றிப் பதிவு எழுதுவது எப்படி? தாராவி கிரைண்டர் கடை ஒன்றின் உதாரணத்தோடு

கடை தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது, நாலு வரி எழுதிப் போடலாம் என்று உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதிரிப் பதிவுகளில் வழக்கமாக மேலே ஒரு நன்றி இருக்கும், கீழே ஒரு வாடிக்கையாளர் கதை இருக்கும், இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. நன்றி ஊருக்கெல்லாம் பொதுவாகப் போய்விடும். கதை கடையின் பெருமையாக முடிந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் உங்கள் கடைக்காக என்ன செய்தார் என்பதைக் கதையாகச் சொன்னால், நன்றி அதற்குள்ளேயே வந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு மும்பை தாராவியில் என் அத்தான் நடத்தும் கிரைண்டர் ரிப்பேர் கடையை எடுத்துக்கொள்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அவருடைய ஐந்தாம் ஆண்டுப் பதிவை அக்காவும் நானும் கூட இருந்து எழுதினோம்.

படி 1: எந்தக் கதை?

நம்மை யார் அதிகமாகப் புகழ்ந்தார்கள் என்று தேடத் தொடங்காதீர்கள். முதல் வருடத்து பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். ஒவ்வொரு பெயரிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவர் அன்று நம்மிடம் வராமல் போயிருந்தால் கடைக்கு என்ன குறைந்திருக்கும்?

எங்கள் கடையில் மூன்று பேர் தேறினார்கள். மாட்டுங்காவில் மெஸ் நடத்தும் ஒருவர் வருடா வருடம் பெரிய வேலை கொடுக்கிறார். செம்பூர் அம்மா ஒருவர் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு நீளமாகப் பாராட்டி எழுதியிருந்தார். மூன்றாமவர் தாராவியிலேயே இருக்கும் ஓர் இட்லி வியாபாரி. சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் அண்ணாச்சிகளில் ஒருவர். அத்தான் முதலில் மெஸ்காரரைத்தான் சொன்னார். ஆனால் அவர் கதையில் கடை நன்றாக வேலை செய்தது என்பதைத் தவிர வேறு நிகழ்ச்சி இல்லை. அண்ணாச்சியின் கதையில் இருந்தது.

அது இதுதான். 2021 ஆகஸ்ட் 15 முதல் இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மும்பை லோக்கல் ரயிலில் போகலாம் என்று அனுமதித்தார்கள். ஆபீஸ் பக்கம் கூட்டம் திரும்பியது, அண்ணாச்சி வியாபாரத்தை மறுபடி தொடங்கினார். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அவருடைய டில்டிங் கிரைண்டர் ஸ்விட்ச் போட்டால் உறுமியது, சுற்றவில்லை. வேறோர் இடத்தில் காயில் எரிந்துவிட்டது, முழுவதும் சுற்ற வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார்கள். அவர் அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, பெயர்ப்பலகைகூட மாட்டாத அத்தான் கடைக்கு வந்தார். அத்தான் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். அப்போதும் உறுமல்தான். கப்பியை ஒரு சுண்டு சுண்டிவிட்டதும் ஓட ஆரம்பித்தது. காயில் எரிந்த மோட்டார் பெரும்பாலும் அப்படி ஓடாது, எரிந்த வாடையும் காட்டிக்கொடுக்கும். போயிருந்தது கெப்பாசிட்டர் மட்டுமே. மாற்றிக் கொடுத்தார், சாயங்காலமே வண்டி திரும்பிப் போனது.

இதோடு நிறுத்தினால் இது அத்தானின் கெட்டிக்காரத்தனக் கதை. அடுத்த வாரம் அண்ணாச்சி தன் சந்தில் இருந்த இன்னும் இரண்டு வியாபாரிகளைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். கடையின் முதல் வருடம் அந்தச் சந்துக்காரர்களை வைத்துத்தான் ஓடியது. நாங்கள் நன்றி சொல்ல வேண்டியது அதற்காக.

படி 2: அவரிடமே கேளுங்கள்

கதை நமக்குத் தெரியும் என்று நினைத்து நேராக எழுதிவிட வேண்டாம். நமக்குத் தெரிந்தது கடைக்குள் நடந்த பாதி. மீதிப் பாதி அவரிடம் இருக்கிறது. முடிந்தால் நேரில் போங்கள். அவருக்கு வேலை இல்லாத நேரமாகப் பாருங்கள். இட்லி வியாபாரியிடம் காலையில் போய் நிற்கக் கூடாது.

“எங்க வேலை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்ற பதில்தான் கிடைக்கும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அத்தான் கேட்டது இப்படி:

“அன்னைக்கு மெஷினைத் தூக்கிட்டு வந்தீங்களே அண்ணாச்சி, வீட்ல என்ன நெலமை?”

“என்ன நெலமை? பத்து கிலோ அரிசி ஊறிக்கிட்டு கெடக்கு. ராத்திரி ஆட்டலேன்னா அம்புட்டும் குப்பைக்கில்லா போகும்.”

ஊறப்போட்ட அரிசி விஷயம் அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. பதிவின் முதல் வரி அதிலிருந்துதான் கிடைத்தது. “பெயர்ப்பலகைகூட இல்லாத கடையில எதை நம்பிக் குடுத்தீங்க?” என்றும் கேட்டார். “நீ பெல்ட்ட கழட்டினப்ப எம்மொகத்தப் பாக்காம மோட்டாரயே பாத்துக்கிட்டு நின்ன. சரி, வேலக்காரப் பய தான்னு தோணுச்சு” என்றார். இந்த மாதிரி ஒரு வாக்கியம் கிடைத்தால் அதில் கை வைக்காதீர்கள். திருத்தமான தமிழாக மாற்றினால் பேசிய ஆள் காணாமல் போய்விடுவார்.

அப்புறம், அனுமதி. இதில் சலுகையே கிடையாது. பெயர் போடலாமா, படம் போடலாமா, எங்கெல்லாம் போடப்போகிறோம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் அண்ணாச்சி பெயர் வேண்டாம் என்றார். அதனால் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. எழுதி முடித்ததும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது அவர் முகம் எங்கேயாவது மாறினால், அவர் சொல்லாவிட்டாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 3: எதை விட வேண்டும்

எங்கள் பதிவில் மூன்று விஷயங்களை விட்டோம். முதலாவது, அந்த வேறோர் இடம் சொன்ன கணிப்பு. பெயர் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும், நன்றிப் பதிவு சண்டைப் பதிவாகிவிடும். இரண்டாவது, பில் தொகை. 2021-இல் வாங்கிய தொகையை எழுதினால் அடுத்த வாரமே அதே தொகையைச் சொல்லிக்கொண்டு ஆள் வருவார்கள். மூன்றாவது, அண்ணாச்சி அந்தச் சமயத்தில் வாங்கியிருந்த கடன். அவர் மனம்விட்டுச் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவர் வீட்டு விஷயம். வாசிக்கிறவர் கண்ணீருக்காக அதை எடுத்து வெளியில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

படி 4: எழுதுவது

வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் நீளமான பதிவை மடித்து, ஆரம்ப வரிகளை மட்டுமே காட்டும். அந்த இடத்தில் “வெற்றிகரமான ஐந்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இத்தருணத்தில்” என்று இருந்தால் விரல் அடுத்ததுக்குப் போய்விடும். அந்த நாளின் நெருக்கடியை அங்கே வையுங்கள். ஐந்து வருடம் என்ற செய்தி கீழே வந்தால் போதும்.

நாங்கள் கடைசியாகப் போட்டது இது:

> 2021 ஆகஸ்ட். வீட்டில் பத்து கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ராத்திரிக்குள் ஆட்டியாக வேண்டும். கிரைண்டரோ உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. ஓர் இட்லி வியாபாரி அதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அப்போது எங்களுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.
>
> கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தோம். அன்று ராத்திரி மாவு ஆட்டிவிட்டார்.
>
> அதோடு அவர் எங்களை மறந்திருக்கலாம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஏன் நம்பினீர்கள் என்று போன வாரம்தான் அவரிடம் கேட்டோம். “நீ எம்மொகத்தப் பாக்காம மோட்டாரயே பாத்துக்கிட்டு நின்ன” என்றார்.
>
> இந்த மாதம் கடைக்கு ஐந்து வயது. அண்ணாச்சி, நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த ஆட்களால்தான் எங்கள் முதல் வருடம் ஓடியது. நன்றி. பணம் பிறகு அனுப்புங்கள் என்று சொல்லி பெல்ட்டும் புஷ்ஷும் அனுப்பிவைத்த கோயம்புத்தூர் கடைக்காரருக்கும், மழைக்காலத்தில் எங்கள் மெஷின்களைத் தன் வீட்டுக்குள் ஏற்றி வைத்த மாடிவீட்டு அக்காவுக்கும் நன்றி.

கடைசி வரிகளைக் கவனியுங்கள். நன்றி சொல்ல இன்னும் பல பேர் இருந்தார்கள். என்ன செய்தார் என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தவர்களை மட்டும் பதிவில் வைத்தோம். மற்றவர்களுக்கு அத்தான் போன் செய்தார். “நண்பர்கள், உறவினர்கள், நலம்விரும்பிகள் அனைவருக்கும்” என்ற வரியில் தன்னைக் கண்டுபிடித்து மகிழ்கிறவர் யாரும் கிடையாது. போன் வந்தால் மகிழ்வார்கள்.

ஆண்டு விழாத் தள்ளுபடி இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் இந்தப் பதிவில் வேண்டாம். “நன்றி” என்ற சொல்லுக்குக் கீழே “10 சதவீதம் தள்ளுபடி” என்று வந்தால், மேலே சொன்ன அத்தனையும் அதற்கான முன்னுரையாகிவிடும். இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போடுங்கள்.

படி 5: சோதித்துப் பார்ப்பது

உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் பதிவைக் கொடுங்கள். வாசித்துவிட்டு போனை வைத்த பிறகு, என்ன கதை என்று கேளுங்கள். “ஒரு மெக்கானிக் நல்லா ரிப்பேர் பண்ணுவாராம்” என்று சொன்னால் எடை தவறான இடத்தில் இருக்கிறது. எங்கள் முதல் வரைவில் பழுது பார்த்த விதமே ஆறு வரி இருந்தது. அக்கா அதை இரண்டு சின்ன வாக்கியமாக வெட்டினாள். அதன் பிறகு வாசித்த பக்கத்து வீட்டுப் பையன், “ஓர் இட்லிக்காரர் தெருவையே கூட்டிட்டு வந்தாராம்” என்றான். சரி, போடலாம் என்று முடிவு செய்தோம்.

படி 6: போடுவது

படத்துக்கு கேக்கும் பலூனும் தேவையில்லை. நாங்கள் போட்டது அந்த கிரைண்டரின் படம். கல்லில் மாவு ஒட்டியபடியே எடுத்தது.

வாட்ஸாப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பழைய வாடிக்கையாளர் பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள். முக்கியமானவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். கூகுள் பிசினஸ் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 1,500 எழுத்துதான் இடம். கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால் தமிழில் அது சீக்கிரம் நிறைந்துவிடும். அங்கே போட நீளம் இடித்தால் கடைசி இரண்டு நன்றிகளை எடுத்துவிட்டு, கதையை முழுசாக வையுங்கள்.

மும்பையில் நம் வாடிக்கையாளர்களில் மராத்திக்காரர்களும் ஹிந்திக்காரர்களும் இருப்பார்கள். தமிழ்ப் பதிவை வரிக்கு வரி மாற்றிக் கொடுக்காமல், அந்த மொழி பேசும் ஒருவரிடம் கதையை வாயால் சொல்லி அவரையே எழுதச் சொல்லுங்கள். அண்ணாச்சி சொன்ன அந்த வாக்கியத்தின் பொருள் மாறாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுவில் போடுவதற்கு முன்னால் கதைக்கு உரியவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ஊர் ஆட்களிடமிருந்து அவருக்குப் போன் வரும். அதற்கு அவர் தயாராக இருக்க வேண்டும். பதிவுக்குக் கீழேயும் ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் வாழ்த்துவார்கள், மீதிப் பேர் “எங்க வீட்லயும் உறுமுது, சுத்த மாட்டேங்குது” என்பார்கள். அவர்களிடம் முதலில் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். சுற்றாமல் உறுமவிட்டால் நல்ல காயிலும் சூடேறி எரிந்துவிடும்.