கார்டில் கட்டிய பில்லில் வரி எவ்வளவு? கணக்குப் புத்தகத்தில் பிரித்து எழுதும் முறை

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவின் கணக்கை வைத்து இதை விளக்குகிறேன். சாப்பாடு ஏற்றிப்போகும் வேனைப் பட்டறையில் விட்டு, சர்வீஸ் செய்து, கார்டில் 413.94 ரிங்கிட் கட்டினார். கையில் இருந்தது கார்டு மெஷின் தந்த சின்னச் சீட்டு மட்டும்தான்.

முதல் வேலை, அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டுக் கடையின் பில்லைக் கேட்டு வாங்குவது. கார்டு சீட்டில் மொத்தத் தொகைதான் இருக்கும், வரி இருக்காது. கடையை விட்டுக் கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் தேடி எடுத்துத் தருவது அவர்களுக்கும் சிரமம்.

அடுத்து, பில்லை வரி வரியாகப் படியுங்கள். அக்காவின் பில் இப்படி இருந்தது: எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட் ஆகிய சாமான்கள் 286.50. கூலி 118.00. சேவை வரி 8 விழுக்காடு, 9.44. மூன்றையும் கூட்டினால் 413.94.

வரி கூலிக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டறையில் சேவை வரி விழுவது வேலைக்கு, சாமான்களுக்கு அல்ல. பலர் கணக்கு தப்புவது இங்கேதான். பில் இல்லாமல் மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 30.66 வரி என்று வரும். உண்மையில் கட்டியது 9.44. அதனால் சாமானும் கூலியும் கலந்த பில்லில் சூத்திரத்தை நம்பாதீர்கள். பில்லில் அச்சான தொகையை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

முழுத்தொகைக்கும் வரி உள்ள பில் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சூத்திரம் உதவும். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடு. உணவகம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு 6 விழுக்காடே தொடர்கிறது. போன் பில் 84.80 என்றால் அதில் வரி 4.80. மொத்தத்தை நேரே 6 விழுக்காட்டால் பெருக்கினால் 5.09 வரும், அது தப்பு, ஏனென்றால் வரிக்கும் சேர்த்து வரி போட்டுவிடுகிறோம். எக்செல்லில் மொத்தம் G2 கட்டத்தில் இருந்தால்:

```
=ROUND(G2*6/106,2)
```

8 விழுக்காட்டுப் பில்லுக்கு 8/108 என்று மாற்றுங்கள்.

இனி புத்தகம். பில் தேதி, கடை, பில் எண் ஆகியவற்றுக்கு A, B, C. வரி விழாத தொகைக்கு D, வரி விழுந்த தொகைக்கு E, வரிக்கு F, கார்டில் போன மொத்தத்துக்கு G. அக்காவின் வரிசையில் D 286.50, E 118.00, F 9.44, G 413.94. சரிபார்க்க, H கட்டத்தில்:

```
=ROUND(D2+E2+F2-G2,2)
```

பூச்சியம் வந்தால் சரி. ஒரு சென் வித்தியாசம் கடைக்காரர் பில்லின் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகக் கிட்டப்படுத்தியதால் வரலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தால் 413.95 ஆகியிருக்கும், 5 சென்னுக்குக் கிட்டப்படுத்துவது ரொக்கத்துக்குத்தான், கார்டுக்கு இல்லை. மாதக் கடைசியில் G-யை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பில் தேதிக்கு ஓரிரு நாள் கழித்து வங்கியில் பதிவாகலாம். நீங்கள் எழுத வேண்டியது பில் தேதி.

மளிகைக் கடையிலும் இரும்புச் சாமான் கடையிலும் பில்லில் வரி தனியாக இருக்காது. விற்பனை வரியைத் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ முன்னமே கட்டியிருப்பார். அது விலைக்குள் அடங்கிவிடும். F-இல் 0 போடுங்கள். நாமாக ஒரு வரியைக் கற்பனை செய்து பிரிக்கக் கூடாது.

பில்லில் வரி போட்டிருந்தும் சேவை வரிப் பதிவு எண் இல்லை என்றால் விசாரியுங்கள். பதிவு செய்தவர்தான் அந்த வரியை வாங்க முடியும். சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

ஜிஎஸ்டி காலப் பழக்கத்தில் F-இல் உள்ளதைத் திரும்பப் பெறும் தொகையாக எழுதிவிடுபவர்கள் இன்னும் உண்டு. 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பிய பிறகு அந்த வசதி கிடையாது. வேனுக்கான செலவு 413.94 முழுவதும்தான், அதில் 9.44 எங்கே போனது என்று காட்டவே தனிக்கட்டம்.

பில் தாள் சூட்டுத்தாளாக இருந்தால் எழுத்து மங்கிவிடும். அன்றே படம் பிடித்து, தேதியும் கடைப் பெயரும் வைத்துச் சேமியுங்கள். வருமான வரிக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கார்டு அறிக்கையில் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அட்டைக்கே 25 ரிங்கிட் சேவை வரி வரும். துணை அட்டைக்கும் தனியாக 25. அதற்குக் கடை பில் இருக்காது. வங்கி அறிக்கையையே ஆதாரமாக வைத்து, D-யிலும் E-யிலும் 0, F-இல் 25.00, G-யில் 25.00 என்று எழுதுங்கள்.