வெந்தயம், பட்டை, மஞ்சள்: சர்க்கரை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரை என்று புதிதாகத் தெரிந்து வருகிறவர்களில் பாதிப் பேர், என்னிடம் வருவதற்கு முன்பே வீட்டில் வெந்தயம் ஊற வைக்க ஆரம்பித்திருப்பார்கள். அதில் தவறில்லை. அதை வைத்து அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. அவர்கள் செய்யும் தவறுகளில் பலவற்றை, படித்து முடித்த புதிதில் என் சொந்த அம்மாவின் விஷயத்தில் நானே செய்திருக்கிறேன்.

இனிப்பைக் குறை, நட, இதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டுவது

ராத்திரி ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊற வைத்து, விடிந்ததும் தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடிக்கிறார்கள். வேலை செய்கிற பொருளில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. வெந்தயத்தை ஊற வைத்து அரைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் முக்கியம். அது வயிற்றில் கூழ்போல ஆகி, சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாக ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் வெந்தயத்தின் பலன் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவில் கூடுதலாகத் தெரிகிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஆறு மணிக்கு வெந்தயம், ஒன்பது மணிக்கு இட்லி என்றால் இரண்டும் வயிற்றில் சரியாகச் சந்திப்பதே இல்லை. சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும்.

அளவையும் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை ஒரு நாளைக்கு 100 கிராம் கொடுத்தார்கள். மதியமும் இரவும் ரொட்டியில் கலந்து பத்து நாள். சர்க்கரை நன்றாகவே குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் 25 கிராம் போன்ற குறைந்த அளவுகளையும் பார்த்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் அலசியபோது, நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக எடுத்தவர்களிடம் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம்தான். அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சின்னவை, நடத்திய விதத்தில் குறை உள்ளவை. ஆகவே வெந்தயம் கொஞ்சம் உதவுகிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

அப்புறம், வெந்தயக் களி. அதில் அரிசி மாவும் கருப்பட்டியும் இருக்கின்றன. வெந்தயம் இருக்கிறதே என்று சர்க்கரைக்காரர்கள் கிண்ணம் நிறையச் சாப்பிடக் கூடாது.

பத்து நாள் காலைச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் போரூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது 52. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும். "மேடம், மாத்திரையை விட்டுப் பத்து நாள் ஆச்சு. வெந்தயம் மட்டும்தான். இன்னைக்குக் காலையில பாருங்க, 124!" என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு என் அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு அப்போது 58 வயது. எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 7.3 இருந்தது. நான்தான் வெந்தயத்தைச் சொன்னேன். அதே வாரம் அம்மா காலையில் நடக்கவும் ஆரம்பித்தார், காபியில் சர்க்கரையையும் விட்டார். 148 இருந்த வெறும் வயிற்று அளவு மூன்று வாரத்தில் 119-க்கு வந்தது. "வெந்தயம் கேக்குது, மாத்திரை எதுக்கு?" என்று அம்மா நிறுத்தினபோது நான் தடுக்கவில்லை. அடுத்த பத்து நாளும் காலையில் மட்டும் பார்த்தோம். 121, 126, 118 என்றே வந்தது. ஸ்ட்ரிப் தீர்ந்தது. திரும்ப வாங்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், நடை நின்றது. தீபாவளிப் பலகாரமும் வந்தது. வெந்தயம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கால் கட்டைவிரல் ஓரத்தில் செருப்பு கடித்த புண் ஆறு வாரமாகியும் ஆறாததால்தான் மருத்துவரிடம் போனோம். எச்பிஏ1சி 9.2. ரத்தத்தில் சராசரி சர்க்கரை 160-ஐ ஒட்டி இருந்த அம்மாவுக்கு அது 215-ஐத் தாண்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள். புண் ஆறிவிட்டது, விரல் தப்பியது. ஆனால் அந்த ஆறு வாரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கே ஏமாந்தோம் என்று பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். முதலாவது, அம்மா எடுத்துவந்த மெட்ஃபார்மினின் பலன் நிறுத்திய மறுநாளே அறுந்து போவதில்லை. அது முக்கியமாக, ராத்திரி முழுக்க கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. நிறுத்தினால் அளவு மெல்ல ஏறி நிலைபெற ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாங்கள் சரியாக அந்த இடைவெளியில் பார்த்துவிட்டு, வெந்தயத்தைக் கும்பிட்டோம். இரண்டாவது, ஒரே வாரத்தில் மூன்றை மாற்றினோம். அதில் நடை போனதும் அளவு ஏறியது என்றால், இறக்கியதில் நடைக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவைகூடக் குத்திப் பார்க்கவில்லை. வெந்தயம் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டிய நேரமே அதுதான்.

போரூர் அம்மாவை அன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் சொன்னபடி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். இரண்டு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் அவருக்கு ஒரு சோதனை வைத்தேன். மாத்திரை, நடை எதையும் மாற்றக் கூடாது. ஆறு நாளும் காலையில் அதே நான்கு இட்லி, அதே அளவு சாம்பார். முதல் மூன்று நாள் வெந்தயம் இல்லை. அடுத்த மூன்று நாள் 10 கிராம் வெந்தயப் பொடியை மோரில் கலக்கி இட்லியோடு குடிக்க வேண்டும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அளவு பார்க்க வேண்டும்.

வெந்தயம் இல்லாமல் 214, 198, 221 வந்தது. சராசரி 211. வெந்தயத்தோடு 188, 203, 179. சராசரி 190. இருபத்தொன்று குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டு மீட்டருக்கு, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. உண்மையில் 200 இருந்தால் மீட்டர் 170 முதல் 230 வரை எதையும் காட்டலாம். அதனால் ஒரு நாள் அளவை இன்னொரு நாள் அளவோடு ஒப்பிட்டுக் குதிக்கவும் முடியாது, அழவும் முடியாது. மூன்று நாள் சராசரியும் உறுதியான சான்று இல்லை. சற்று உதவுகிறது போலிருக்கிறது என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, வெந்தயத்தோடும் 190 இருக்கிறது. மாத்திரையும் உள்ளே இருக்கும்போது 190. பொதுவாக வைக்கும் இலக்கு 180-க்குள். "அப்போ மாத்திரையும் வேணும், வெந்தயமும் வேணும்னு சொல்றீங்க" என்றார் அவர். ஆமாம், இட்லி நான்கை இரண்டாக்கவும் வேண்டும் என்றேன். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைப்பதா என்று அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் சொல்லாமல் ஆரம்பிப்பது

இவர்களுக்கு ஆபத்து தலைகீழாக வரும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

தைராய்டு மாத்திரையோடு வெந்தயம்

சேர்த்து விழுங்காதீர்கள். நார்ச்சத்து மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

பிரியாணிப் பட்டையைத் தினமும் பொடித்துக் குடிப்பது

பட்டையைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது 2003-இல். பாகிஸ்தானில் 60 பேருக்கு நாற்பது நாள் பட்டை கொடுத்ததில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாக வந்தது. அதே அளவு பலன் பிற நாடுகளில் திரும்பக் கிடைக்கவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு பத்து ஆய்வுகளை, மொத்தம் 577 பேரை எடுத்துப் பார்த்தது. பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது.

பலன் நிச்சயமில்லை என்பது ஒரு பக்கம். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த, கெட்டியான கேசியா பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அதிகமானால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் வரை தாங்கும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. கேசியா பொடி ஒரு தேக்கரண்டியே அதைத் தாண்டிவிடலாம். இலங்கைச் சுருள் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. காகிதம்போல மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். குழம்புக்குப் போடும் ஒரு துண்டைப் பற்றி நான் பேசவில்லை. தினமும் கரண்டிக் கணக்கில் விழுங்குவதைச் சொல்கிறேன்.

மஞ்சளை மாத்திரையாக வாங்குவது

மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதுவும் குடலில் சரியாக ஏறாது. அதற்காக மிளகுச் சாரம் சேர்த்துச் செறிவூட்டிய மாத்திரை விற்கிறார்கள். அமெரிக்காவில் மஞ்சள் சார்ந்த கல்லீரல் பாதிப்பு பத்துப் பேருக்கு வந்ததை 2022-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒருவர் இறந்தார். சமையலில் போடும் மஞ்சளை விட வேண்டியதில்லை. மாத்திரை வேண்டாம்.

"சர்க்கரைப் பொடி" என்று விற்கும் கலவை

உள்ளே என்ன, எத்தனை கிராம் என்று பாக்கெட்டில் எழுதாததை வாங்காதீர்கள்.