பாம்புக்கடி ஆய்வும் யாரும் தேடாத தலைப்பும்: மருத்துவக் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டைக் கட்டுரையாக்கி இதழுக்கு அனுப்பும்போது, பெரும்பாலும் பழைய தலைப்பும் அப்படியே கூடப் போய்விடுகிறது. அந்தத் தலைப்பு நெறிமுறைக் குழுவுக்கும் பல்கலைக்கழகப் பதிவுக்கும் எழுதப்பட்டது. பப்மெட்டில் தேடுகிற முன்பின் தெரியாத மருத்துவரை மனத்தில் வைத்து அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அடிக்கடி கண்ணில் படும் வகைத் தலைப்பு ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். பாம்பு கடித்தபின் சிறுநீரகம் செயலிழந்த பெரியவர்களைப் பற்றி, பழைய நோயாளிக் குறிப்புகளிலிருந்து தொகுத்த ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

```
A clinical study of renal complications of
haemotoxic snake bite in a tertiary care hospital
```

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "கிளினிக்கல் ஸ்டடி" என்பது ஆய்வு வகை எதையும் சொல்வதில்லை. "டெர்ஷியரி கேர் ஹாஸ்பிடல்" என்று யாரும் தேடுவதில்லை. ஆய்வு உண்மையில் அளந்தது திடீர் சிறுநீரகப் பாதிப்பை. அந்தப் பெயரே தலைப்பில் இல்லை.

தேடுகிறவர் பக்கம் நின்று பார்ப்போம். பாம்புக்கடி பற்றி முறைசார் மதிப்பாய்வு செய்யும் ஒருவர் பப்மெட்டில் ஏறத்தாழ இப்படித் தட்டுவார்:

```
(snakebit*[tiab] OR "snake bite*"[tiab]
 OR "Snake Bites"[mh])
AND ("acute kidney injury"[tiab]
 OR "Acute Kidney Injury"[mh])
```

`[tiab]` என்றால் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் கொடுத்த திறவுச்சொற்கள் ஆகிய மூன்றிலும் தேடு என்று பொருள். `[mh]` என்பது மெஷ். அதாவது, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கும் பொருள்தலைப்புப் பட்டியல். நம் மாதிரிக் கட்டுரையின் சுருக்கத்தில் "அக்யூட் கிட்னி இஞ்சுரி" என்று ஓரிடத்திலாவது முழுதாக எழுதியிருந்தால் கட்டுரை இந்த வலையில் விழும். தலைப்பில் "ரீனல் காம்ப்ளிகேஷன்ஸ்", சுருக்கத்தில் "ஏ.ஆர்.எஃப்." என்று மட்டும் இருந்தால், முதல் பாதி பொருந்தியும் இரண்டாம் பாதி பொருந்தாமல் நழுவிவிடும்.

"மெஷ் சொல்லை நூலகமே சேர்த்துவிடுமே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாகப் பார்க்கிறேன். பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் கிடையாது. மெட்லைன் பட்டியலில் உள்ள இதழ்களுக்குத்தான் அது உண்டு. அதே நூலகத்தின் முழுக்கட்டுரைக் களஞ்சியமான பி.எம்.சி. வழியாக மட்டும் பப்மெட்டுக்குள் வரும் இதழ்களின் கட்டுரைகளுக்கு அந்தச் சொற்கள் ஒருபோதும் சேர்க்கப்படுவதில்லை. இந்திய இதழ்கள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நீங்கள் அனுப்பப்போகும் இதழ் எந்த வகை என்று பார்க்க, அதில் ஓராண்டுக்கு முன் வந்த கட்டுரை ஒன்றைப் பப்மெட்டில் திறந்து, சுருக்கத்துக்குக் கீழே `MeSH terms` என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவுவது நீங்கள் எழுதிய சொற்கள் மட்டும்தான்.

மெட்லைன் இதழாக இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. 2022 முதல் மெஷ் சொற்களை இடும் வேலை கணினி வழிமுறைக்கு மாறிவிட்டது. அது முக்கியமாகப் படிப்பது தலைப்பையும் சுருக்கத்தையும். அங்கே மங்கலாக எழுதினால் மெஷ்ஷும் மங்கலாகத்தான் வரும்.

எந்தச் சொல் தலைப்புக்குள், எது வெளியே

பாம்புக்கடித் துறையில் இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. ஒரே நோயாளியை ஒரு மருத்துவமனை "ஹீமோடாக்சிக்" என்று சொல்லும், இன்னொன்று "வாஸ்குலோடாக்சிக்" என்று சொல்லும், மூன்றாவது "ஹெமட்டோடாக்சிக்" என்று சொல்லும். விஷமுறிவு மருந்தை நாம் வார்டில் ஏ.எஸ்.வி. என்கிறோம். ஆனால் ஏ.எஸ்.வி. என்று பப்மெட்டில் தேடினால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கான ஒருவகைச் சுவாசக் கருவியும், குடல் நுண்ணுயிர் ஆய்வுகளும் வந்து நிற்கும். அந்தத் துறைகளிலும் அதே மூன்றெழுத்துகள் புழங்குகின்றன. ஒரு வார்டில் எல்லாருக்கும் புரிகிற சுருக்கெழுத்துக்கு அந்த வார்டுக்கு வெளியே வேறு பொருள் இருக்கக்கூடும். அதனால் தலைப்பில் சுருக்கெழுத்து வேண்டாம். எச்.ஐ.வி., டி.என்.ஏ. போல விரித்து எழுதினால்தான் விநோதமாகத் தெரியும் சொற்கள் மட்டும் விதிவிலக்கு.

பாம்பின் பெயரைத் தலைப்பில் போட ஆசை வரும். "ரஸ்ஸல்ஸ் வைப்பர்" என்று இருந்தால் தேடுகிறவர் உடனே நிற்பார். ஆனால் கடித்தது கண்ணாடி விரியன்தான் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? செத்த பாம்பைக் கொண்டுவந்தார்களா, படம் இருந்ததா, அல்லது இரத்தம் உறையவில்லை என்பதை வைத்து ஊகித்தீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் உள்ள ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர் என்ற குழிவிரியனும் இரத்த உறைதலைக் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே தயாரிக்கப்படுவது. குழிவிரியன் கடித்தவர்களும் கலந்திருக்கக்கூடிய தொகுப்புக்குக் கண்ணாடி விரியன் என்று பெயரிட்டால், அந்தத் தலைப்பை நம்பி மேற்கோள் காட்டுகிறவர் மருந்தின் பலனைப் பற்றியே தவறான முடிவுக்கு வருவார். இனம் உறுதியாகாத ஆய்வில் அறிகுறித் தொகுதியின் பெயரோடு நிற்பதுதான் நேர்மை.

ஊரின் பெயர் இருக்கட்டும். ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், இங்கே இடம் என்பது வெறும் முகவரி அல்ல. ஆய்வு வகையும் வேண்டும். அவதானிப்பு ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் வழிகாட்டி, ஆய்வு வடிவத்தைத் தலைப்பிலோ சுருக்கத்திலோ சொல்லக் கேட்கிறது. சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை என்றால் கன்சார்ட் அதைத் தலைப்பிலேயே கேட்கிறது. நோயாளி விவரக் கட்டுரைக்கு கேர் வழிகாட்டியும் அப்படித்தான். இது சடங்குக்காகச் சொன்னதல்ல. பலர் தேடலை ஆய்வு வகைக்கான வடிகட்டியோடு சேர்த்தே நடத்துகிறார்கள்.

இவற்றையெல்லாம் வைத்து எழுதினால்:

```
Acute kidney injury after haemotoxic snakebite
in adults in Tamil Nadu, India:
a retrospective cohort study
```

முக்கியமானவை முக்காற்புள்ளிக்கு முன்னால் வந்துவிட்டதைக் கவனியுங்கள். துணைத்தலைப்பைத் தனிப் புலத்தில் பதிவு செய்யும் தரவுத்தளங்கள் உண்டு. அங்கிருந்து மேற்கோள் எடுக்கும் மென்பொருள் சில நேரம் அதை விட்டுவிடும். அப்படி விட்டாலும் மிச்சமுள்ள பகுதி தனியாக நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கம், முடிவையே தலைப்பாக அறிவிக்கும் பழக்கம் பரவுகிறது. "மருந்து தாமதமானால் சிறுநீரகம் செயலிழக்கும்" என்று தலைப்பிட்டால் கவனம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய குறிப்புகளிலிருந்து தொகுத்த ஆய்வில் தாமதமாக வந்தவர்கள் தூரத்து ஊரிலிருந்து, கூடுதல் விஷம் ஏறி, இடையில் வேறு சிகிச்சை பெற்று வந்தவர்களாகவும் இருக்கலாம். அந்த ஆய்வால் தொடர்பைக் காட்ட முடியும், காரணத்தை நிறுவ முடியாது. தலைப்பு சொல்லும் காரணம் அடுத்தவர் கட்டுரையின் முன்னுரையில் உண்மையாகவே ஏறிவிடும்.

திறவுச்சொற்கள்: தலைப்பை மறுபடி எழுதும் இடமல்ல

தலைப்பில் உள்ள சொற்களையே திறவுச்சொல்லாகவும் கொடுப்பதுதான் இங்கே அதிகம் காணும் வீண். பப்மெட்டின் `[tiab]` தேடல் ஏற்கெனவே தலைப்பைப் பார்த்துவிட்டது. அந்த இடம், வேறு சொல்லால் தேடுகிறவருக்காக இருக்கிறது. நம் புதிய தலைப்பில் "ஸ்னேக்பைட்" ஒரே சொல்லாக இருக்கிறது. மெஷ்ஷில் அது இரண்டு சொல், பன்மையும் கூட. விஷமுறிவு மருந்துக்கு மெஷ் வைத்திருக்கும் பெயர் "ஆன்டிவெனின்ஸ்", உலக வழக்கில் "ஆன்டிவெனம்". பழைய தலைமுறை மருத்துவர் இன்னும் "அக்யூட் ரீனல் ஃபெயிலியர்" என்றே தேடுவார். அதனால்:

```
Snake Bites; snake envenomation; Antivenins;
antivenom; acute renal failure; Renal Dialysis
```

டயாலிசிஸ் பற்றி ஆய்வில் உருப்படியான தகவல் இருந்தால் மட்டுமே கடைசிச் சொல் நிற்க வேண்டும். மெஷ் சொற்களை மட்டுமே ஏற்கும் இதழ் என்றால் "ஆன்டிவெனம்", "அக்யூட் ரீனல் ஃபெயிலியர்" போன்றவற்றைச் சுருக்கத்துக்குள் இயல்பாக ஒரு வாக்கியத்தில் கொண்டுவந்துவிடலாம். சரியான மெஷ் வடிவத்தை நினைவிலிருந்து எழுதாமல் மெஷ் தளத்தில் பார்த்தே எழுதுங்கள். அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. "இந்தியா", "நோய்", "சிகிச்சை", "ப்ரொஃபைல்" போன்ற தனிச்சொற்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ரன்னிங் ஹெட்

ஒவ்வொரு பக்கத்தின் மேலோ கீழோ வரும் இந்தச் சுருக்கத் தலைப்பைப் பப்மெட் தேடுவதில்லை. அதனாலேயே கடைசி நிமிடத்தில், தலைப்பின் முதல் சில சொற்களை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். இதழ்கள் வழக்கமாக இடைவெளிகளையும் சேர்த்து 40 முதல் 50 எழுத்துகள் வரை தருகின்றன. பழைய மாதிரித் தலைப்பை 40-இல் வெட்டினால் கிடைப்பது இது:

```
A clinical study of renal complications
```

பாம்பு காணாமல் போய்விட்டது. பி.டி.எஃப்.-இலிருந்து அட்டவணை உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கும் ஒருவர், ஆறு மாதம் கழித்து அது எந்த ஆய்வு என்று இந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. மேற்கோள் காட்ட நினைத்தாலும் தேடிப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுவார். நோய், காரணம் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள்:

```
AKI after haemotoxic snakebite
```

இது இடைவெளியோடு 30 எழுத்துகள். முழுப்பெயர் முதல் பக்கத்திலேயே இருப்பதால் சுருக்கெழுத்து இங்கே குற்றமில்லை. ஆசிரியர் பெயரையும் கல்லூரிப் பெயரையும் மட்டும் இந்த வரியில் போடாதீர்கள். மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாத இதழ்களில் மறைப்பு அங்கேயே உடைந்துவிடும், கட்டுரை திருப்பி அனுப்பப்படும்.

அனுப்புவதற்கு முன் மேலே கொடுத்தது போன்ற தேடலை நீங்களே பப்மெட்டில் ஓட்டிப் பாருங்கள். வரும் முதல் இரண்டு பக்கத் தலைப்புகளுக்கு நடுவே உங்கள் தலைப்பை வைத்துப் படித்து, அதைத் திறக்கத் தோன்றுகிறதா என்று துறைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவரிடம் கேளுங்கள். இணையப் படிவத்தில் தட்டிய தலைப்பும் கோப்பில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்குப் பின் கோப்பில் தலைப்பைத் திருத்திவிட்டுப் படிவத்தை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அச்சுப்படி வரும்போது தலைப்பு, திறவுச்சொற்கள், ரன்னிங் ஹெட் ஆகிய மூன்றையும் தனியாக ஒருமுறை சரிபார்த்து, வெளியானபின் பப்மெட் பதிவைத் திறந்து பாருங்கள். எழுத்துப்பிழை தெரிந்தால் தாமதிக்காமல் இதழுக்கு எழுதுங்கள். பதிவைத் திருத்தி அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.