காருக்கு வழி சொல்லும் குரல்: வரிகளை எழுதுவது எப்படி?

திருமங்கலம் பக்கமிருந்து நான்கு வழிச்சாலையில் மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். மச்சான் ஓட்டினார், நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு. மேம்பாலம் நெருங்கும்போது போனிலிருந்து குரல் வந்தது: "பாலத்தில் ஏற வேண்டாம்". அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்ததில் கடைசி வார்த்தை காதில் விழவில்லை. மச்சானுக்குக் கேட்டது "பாலத்தில் ஏற" மட்டும்தான், ஏறிவிட்டார். அந்த வரியை எழுதியவன் நான்.

தமிழில் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது. வேண்டும், வேண்டாம், கூடாது எல்லாம் வால் பகுதியில். வண்டிக்குள் சத்தத்தில் முதலில் காணாமல் போகிறதும் அதே வால்தான். அதனால் எழுதிய ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். மிச்சம் தப்பான பொருள் தந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். "பாலத்தில் ஏற வேண்டாம்" போய் "லெப்ட்டில் சர்வீஸ் ரோடு" வந்தது. இதில் வால் அறுந்தாலும் லெப்ட் என்பது காதில் இருக்கும்.

இடது, வலது என்று எழுதாமல் லெப்ட், ரைட் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. இடது, வலது இரண்டும் ஒரே நீளம், ஒரே முடிவு, முதல் ஓசை நழுவினால் எது எதென்று தெரியாது. லெப்ட், ரைட் அப்படிக் குழம்பாது, மதுரையில் ஆட்டோக்காரரிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, எப்போது பேச வேண்டும்? திருப்பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், மீட்டரில் இல்லை, நொடியில். அதே மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் ரைட் பக்கம் இருக்கிறது, ஆனால் அங்கே போக முதலில் லெப்ட்டில் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பிறகு பாலத்தடியில் ரைட் எடுக்க வேண்டும். வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, அதாவது நொடிக்கு சுமார் 22 மீட்டர். குரல் பேசி முடிக்க 4 நொடி. கண்ணாடியில் பார்த்து, பின்னால் வரும் லாரிக்கு இடம் விட 6 நொடி. வலது தடத்திலிருந்து இடது தடத்துக்கு மாற 4 நொடி, வேகத்தைக் குறைக்க 6 நொடி. மொத்தம் 20 நொடி, வேகம் குறைவதைக் கணக்கில் எடுக்காமலே 440 மீட்டர். இவை நானே கூடவே உட்கார்ந்து எண்ணிய அளவுகள், உங்கள் சாலையில் நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

ஆக, தயாராகச் சொல்லும் வரி "அரை கிலோமீட்டரில் லெப்ட், சர்வீஸ் ரோடு" என்று வரலாம். ஆனால் அதை 500 மீட்டரில் தொடங்கினால், பேசி முடிக்கும்போது வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓடியிருக்கும், சொன்ன தூரமே பொய்யாகிவிடும். அதனால் 600 மீட்டர் இருக்கும்போதே பேச ஆரம்பிக்க வேண்டும்.

அதே வரியை நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருபவருக்கு 600 மீட்டரில் சொன்னால் திருப்பம் வர கிட்டத்தட்ட 2 நிமிடம் ஆகும், அதற்குள் மறந்துபோவார். இதற்காகத்தான் நொடியை வைத்துக்கொண்டு, அந்த நேரத்து வேகத்தால் பெருக்கித் தூரத்தை எடுக்கச் சொல்கிறேன். வரியில் வரும் தூரமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இந்த ஒரு திருப்பத்துக்கு நான் எழுதிய மூன்று வரிகள் இவை:

2 கிலோமீட்டர் முன்பு: "இரண்டு கிலோமீட்டரில் லெப்ட், சர்வீஸ் ரோடு. பிறகு பாலத்தடியில் ரைட்."

600 மீட்டரில்: "அரை கிலோமீட்டரில் லெப்ட், சர்வீஸ் ரோடு."

100 மீட்டரில்: "லெப்ட் எடுங்கள்."

முதல் வரி மட்டும்தான் முழுத் திட்டத்தையும் சொல்கிறது. ஊர் ரைட் பக்கம் என்று தெரிந்தவர் "லெப்ட்" என்று கேட்டதும் சந்தேகப்படுவார், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒன்றரை நிமிடம் இருக்கிறது. பக்கத்தில் வந்தபின் விளக்கம் சொன்னால் அவருக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. தூரத்து வரியில் தூரம் முன்னால் வருவதையும் கவனியுங்கள்: "லெப்ட்" முதலில் விழுந்தால் சிலர் அங்கேயே கண்ணில் பட்ட சந்துக்குள் ஒடித்துவிடுவார்கள். கடைசி வரியில் தூரமே வேண்டாம், அங்கே திசைதான் முதல் வார்த்தை.

எண்களை எழுத்தால் எழுதுங்கள். "1.5 கி.மீ." என்று கொடுத்தால் குரல் இயந்திரம் புள்ளியையும் சேர்த்து உளறலாம், "ஒன்றரை கிலோமீட்டர்" என்றால் சுருக்கமாக வரும். இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டு கேட்டால், குரல் இயந்திரத்துக்குக் கொடுக்கும் SSML குறியீட்டில் நடுவில் சின்ன இடைவெளி போடலாம்:

```
<speak>
இரண்டு கிலோமீட்டரில் லெப்ட், சர்வீஸ் ரோடு.
<break time="400ms"/>
பிறகு பாலத்தடியில் ரைட்.
</speak>
```

"பாலத்துக்குக் கீழே" என்று எழுதாமல் "பாலத்தடியில்" என்று எழுதியது மதுரைக்காக. இங்கே கோயிலைச் சுற்றிக் கீழமாசி, மேலமாசி, கீழவெளி, மேலவெளி என்று வீதிகள். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. வெளியூரிலிருந்து வருபவர் "மேல" என்று கேட்டதும் பாலத்தைத் தேடுவார். எனவே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மேலே, கீழே என்ற சொற்களையே எடுக்காதீர்கள், அவற்றை வீதிப் பெயர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஊருக்குள் இன்னொரு சிக்கல், திருப்பங்கள் நெருக்கமாக வரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம், அடுத்த திருப்பம் 50 மீட்டரில் என்றால் இடையில் 9 நொடிதான். அதற்குத் தனியாக மூன்று வரி போட்டால் குரல் மூச்சு விடாமல் பேசும், கேட்பவர் எரிச்சலில் அணைத்துவிடுவார். 10 நொடிக்குள் வரும் இரண்டையும் சேர்த்து "லெப்ட் எடுங்கள், உடனே ரைட்" என்று ஒரே வரியாக்குங்கள். மூன்றாவதை அதில் சேர்க்கக் கூடாது, மூன்றைத் தலையில் வைத்துக்கொண்டு யாராலும் மாசி வீதியில் ஓட்ட முடியாது. இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் மோதினால் தூரத்துத் திருப்பத்தின் வரியை விட்டுவிடலாம், கடைசி வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. நேராகப் போகும் இடத்தில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சாலை இரண்டாகப் பிரிவதுபோலத் தெரியும் இடம் தவிர.

அப்புறம் சோதனை. அந்தச் சாலை தெரியாத ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையும் கண்ணையும் மட்டும் பாருங்கள். தயாராகச் சொல்லும் வரி முடிந்து சில நொடிகளில் கை இண்டிகேட்டருக்குப் போனால் வரி சரி. கண் போன் திரைக்குப் போனால் வரி புரியவில்லை, சொற்களை மாற்றுங்கள். "இங்கேயா?" என்று உங்களிடம் கேட்டால் கடைசி வரி தாமதம், இரண்டு நொடி முன்னால் தள்ளுங்கள். பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் தயாராகும் நேரம் போதவில்லை.

புது வரிகளோடு மச்சானை அதே பாலத்துக்கு மறுபடி கூட்டிப் போகவில்லை, அவருக்குத்தான் இப்போது வழி தெரியுமே. விருதுநகரிலிருந்து வந்த நண்பரை ஓட்டச் சொன்னேன். "அரை கிலோமீட்டரில் லெப்ட்" முடிந்ததும் இண்டிகேட்டர் டிக் டிக் என்றது, ஒரு லாரிக்கு வழி விட்டார், பிறகு நிதானமாகச் சர்வீஸ் ரோட்டில் இறங்கினார். பாலத்தடியில் ரைட் எடுக்கும்போது மட்டும் ஒரு நொடி தயங்கினார், அந்த வரியைத்தான் இன்று ராத்திரி திருத்தப் போகிறேன்.